42 பேரில் 6 பேர்

"இது தேர் பாக்க வந்த கூட்டமா, காலைப் பெரட்டாடா?"

அம்மா கேட்டது இவ்வளவுதான். கணினித் திரையில் எட்டு விநாடிக் காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழா, இரவு, தேர் வரும் நேரம், கூடி நிற்கும் ஜனம். நான்கு நாள் உட்கார்ந்து செய்தது. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட, வரிசையாக நிற்கும் அந்தப் பெரட்டு அவருக்கு மறக்காது. என் படத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நொடியில் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள், ஒரே நொடியில் இறக்கினார்கள். பெரட்டுகூட இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாணப் பத்திரிகை, பேனர் அடிக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரவில் அனிமேஷன். பழைய தோட்டத்து ஆட்கள் சிலர் சேர்ந்து, கோயில் திருவிழாவைப் பற்றி மூன்று நிமிடப் படம் கேட்டார்கள். கூலி 800 வெள்ளி. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு வருடக்கணக்காகிறது, சுற்றிலும் இப்போது செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. பழைய திருவிழாவின் புகைப்படங்கள் ஏழோ எட்டோ கிடைத்தன. எல்லாவற்றிலும் கூட்டம். கூட்டம் இல்லாமல் திருவிழா எடுக்க முடியாது. 800 வெள்ளிக்குக் கூட்டம் வரையவும் முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம், அப்படியானால் விநாடிக்கு 12 படம். எட்டு விநாடிக்கு 96. புகைப்படத்தில் எண்ணியபடி 42 பேர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 4032 படங்கள். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 672 மணி நேரம். கடையைப் பூட்டிவிட்டு வரைந்தாலும் மூன்று மாதம் ஆகும். இது ஒரே ஒரு காட்சிக்கு.

முடிவில் நான் வரைந்தது 115 படங்கள்.

பின் வரிசையில் 20 பேர். அவர்கள் வெறும் தலையும் தோளும், இருட்டில் ஒரு கருநீலக் கோடு. இருபது பேரையும் சேர்த்து ஒரே படமாக வரைந்தேன். அதையே லேசாக மாற்றி இன்னும் இரண்டு. இந்த மூன்றும் மெதுவாக மாறி மாறி வந்தால் போதும், பின்னால் ஆள் நெருக்கம் இருக்கிறது என்ற உணர்வு வந்துவிடுகிறது. மீதி 22 பேர்தான் கண்ணுக்குத் தெரிபவர்கள். அந்த 22 பேருக்கும் ஆறே உருவங்கள். கும்பிடும் பெண், கை கட்டி நிற்கும் ஆள், எக்கிப் பார்க்கும் இளைஞன், கம்பு ஊன்றிய கிழவி, பிள்ளையைத் தோளில் தூக்கிய அப்பா, பாவாடைச் சிறுமி. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அசைவு. கும்பிடுவதற்கு 16 படம், கை கட்டியவர் காலை மாற்றி நிற்பதற்கு 12, இப்படி ஆறு பேருக்கும் சேர்த்து 82. அப்புறம் தலையை மட்டும் தனியாக, ஆளுக்கு ஐந்து கோணம், 30. பின் வரிசையின் மூன்றையும் கூட்டினால் 115.

தேரை நான் வரையவே இல்லை. தேர் வருவது கேமராவின் பக்கம், சட்டத்துக்கு வெளியே. கூட்டத்தின் முகத்தில் வெளிச்சம் மட்டும் இடமிருந்து வலமாக நகர்ந்து போகும். உருமி மேளமும் அப்படித்தான், சத்தம் மட்டும். கொட்டுபவரை வரைந்தால் கை சத்தத்தோடு பொருந்த வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, பெரட்டுக்கு வருவோம்.

நான் பயன்படுத்துவது ஓப்பன்டூன்ஸ். 2016-இல் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள். அதில் எக்ஸ்-ஷீட் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூட அட்டவணை மாதிரி இருக்கும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ஆள், மேலிருந்து கீழே நேரம் ஓடும். கட்டத்துக்குள் இருக்கும் எண், அந்த நேரத்தில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்று சொல்லும். கும்பிடும் பெண்ணை ஐந்து இடத்தில் நிறுத்தியிருந்தேன். ஐந்து நெடுவரிசையும் 1, 2, 3 என்று ஒரே மாதிரி தொடங்கின. அதுதான் பெரட்டு.

முதலில் தோன்றும் வைத்தியம், ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருப்பவரைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்க வைப்பது. அதற்கு `Roll Down` என்று கட்டளையே இருக்கிறது. தேர்ந்தெடுத்த கட்டங்களில் கடைசியை எடுத்து முதலில் போடும். ஒருமுறை அழுத்தினால் ஒரு கட்டம் நகரும். இரண்டாவது பெண்ணுக்கு இரண்டு தடவை, மூன்றாவதுக்கு நான்கு, அடுத்தவளுக்கு ஆறு. ஓட்டிப் பார்த்தேன். கைகள் இடது ஓரத்தில் எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக வலது ஓரம் வரை போய், மறுபடி இடதில் தொடங்கின. பந்து மைதானத்தில் ரசிகர்கள் எழுந்து உட்கார்ந்து அலை விடுவார்களே, அதே. எல்லாரும் ஒன்றாகக் கும்பிட்டதைவிட இது மோசமாக இருந்தது. யாரோ சொல்லிக் கொடுத்துச் செய்வது போல ஆகிவிட்டது.

அடுத்து `Random` என்ற கட்டளையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அது ஆளின் தொடக்கத்தைக் கலைக்கவில்லை. ஒரு ஆளுக்குள் இருக்கும் 16 படங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டது. கை மேலே, கீழே, நடுவில், மேலே என்று துடித்தது. கூட்டம் மொத்தத்துக்கும் சாமி வந்துவிட்டது.

கடைசியில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். ஐந்து பெண்களும் 16 படச் சுற்றில் எந்தப் படத்தில் தொடங்குகிறார்கள் என்று: 1, 8, 4, 13, 6. பக்கத்து ஆளுக்கும் இவளுக்கும் குறைந்தது நான்கு படமாவது இடைவெளி. அதே சமயம் ஏறுவரிசையும் இல்லை, இறங்குவரிசையும் இல்லை. குலுக்கல் சீட்டு எடுத்தால் இது வரும் என்று நிச்சயமில்லை, 4, 5, 6 என்று அடுத்தடுத்து விழுந்தால் மறுபடி அலை வந்துவிடும். கையால் உட்கார்ந்து பிரிப்பதுதான் சரி. ஐந்து பேருக்கு இரண்டு நிமிட வேலை.

அலை போனது. ஆனாலும் கூட்டம் ஆற்றுக்கடியில் பாசி ஆடுவது போல இருந்தது. நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தார்கள். இது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதுவும் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பூசைக்கு நிற்கும்போது கூட்டத்தைப் பார்த்தேன். யாரும் அசையவே இல்லை. ஒருத்தர் காலை மாற்றி நிற்கிறார். நான்கைந்து விநாடி கழித்து வேறொருத்தர் முந்தானையை இழுத்து விடுகிறார். மணி அடித்ததும் கொஞ்சம் பேர் கும்பிடுகிறார்கள், மறுபடி சும்மா. கூட்டம் என்றால் முக்கால்வாசி சும்மா நிற்பது.

வந்ததும் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஒரு நிறுத்தம் வைத்தேன். கும்பிடும் அசைவு 16 படம், அதாவது 32 பிரேம். அது முடிந்ததும் கடைசிப் படத்திலேயே நிற்க வேண்டும். ஒருத்திக்கு 64 பிரேம், இன்னொருத்திக்கு 80, மற்றொருத்திக்கு 48. எட்டு விநாடிக்கு மொத்தம் 192 பிரேம். ஒவ்வொருவரும் ஏறக்குறைய இரண்டு முறை மட்டும் அசைகிறார்கள், 64 பிரேம் போல. மூன்றில் ஒரு பங்கு நேரம். அப்படியானால் எந்தக் கணத்திலும் 22 பேரில் ஏறக்குறைய ஏழு பேர்தான் அசைந்துகொண்டிருப்பார்கள். நிறுத்தத்தின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் இரண்டாம் முறை அசையும்போது அந்த இடைவெளிகளும் தாமாகக் கலைந்துவிடுகின்றன. புதிதாக ஒரு கோடுகூட வரையாமல், இருந்ததை நிறுத்திவைத்ததில்தான் கூட்டத்துக்கு உயிர் வந்தது.

இதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அசைவிலும் ஒரு உச்சம் இருக்கும். கை மிக உயரே போன படம், குதிகால் முழுதும் எழும்பிய படம். கண் பிடித்துக்கொள்வது அதைத்தான், நடுவில் வரும் படங்களை அல்ல. 22 பேரின் உச்சமும் எந்தப் பிரேமில் விழுகிறது என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்தேன். நான்கு பிரேமுக்குள் மூன்று பேருக்கு மேல் வந்தால் ஒருவரை நகர்த்தினேன். பிறகு காட்சியைக் கைப்பேசி அளவுக்குச் சுருக்கி, தூரத்தில் வைத்து ஓட்டினேன். பெரிதாகப் பார்க்கும்போது முகம் முகமாகத்தான் பார்ப்போம். சின்னதாகப் பார்த்தால் மொத்தமும் ஒரே துணி மாதிரி தெரியும், எங்கே சேர்ந்து துடிக்கிறது என்று உடனே பிடிபடும்.

நிற்க வைப்பதிலும் ஒரு தப்பு செய்தேன். நடு வரிசை 15, முன் வரிசை 7. முன் வரிசையில் இருவருக்கு இடையே தெரியும் ஒவ்வொரு சந்திலும் நடு வரிசைத் தலைகள். அடைப்பு நன்றாக இருக்கட்டும் என்று செய்தது. செம்பனை நடுவதும் இதே கணக்கில்தான், ஏறக்குறைய ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக முக்கோணம் முக்கோணமாக. காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் மரங்கள் கோடு கோடாக ஓடும். என் கூட்டத்திலும் கோடு ஓடியது. பிறகு ஆட்களை இரண்டும் மூன்றுமாக ஒட்டி நிறுத்தி, குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, நடுவில் இரண்டு இடத்தில் வெறும் தரை தெரியும்படி விட்டேன். வெற்றிடம் விட்டதும் கூட்டம் பெரிதாகத் தெரிந்தது.

நிறத்துக்கு அதிக நாள் ஆகவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓப்பன்டூன்ஸில் ஒவ்வொரு படத்தொகுப்புக்கும் ஒரு பேலட் உண்டு. தொகுப்பைத் தனியாக நகலெடுத்து, அதன் பேலட்டில் சேலை நிறத்தை ஒருமுறை மாற்றினால் 16 படத்திலும் மாறிவிடும். முதலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேலை கொடுத்தேன். பகல் வெளிச்சத்தில் மூன்று பெண்கள். மேலே இரவுக்கான கருநீலத்தைப் போட்டதும் மூவரும் ஒருத்தியாகிவிட்டார்கள். காரணம், மூன்று நிறமும் ஒரே அளவு கருமை. இரவில் சாயம் மங்கிவிடும், வெளுப்பும் கருப்பும்தான் மிஞ்சும். அதனால் இப்போது முதலில் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கிறேன். அதில் வேறு வேறாகத் தெரிந்தால்தான் நிறம் வைக்கிறேன். ஒருத்திக்கு மஞ்சள், ஒருத்திக்கு அரக்கு, ஒருத்திக்குச் சந்தன நிறத்தில் கரும்பச்சைக் கரை. தலைமுடியிலும் இது பெரிய உதவி. ஒரே ஆளுக்கு நரை போட்டுவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

ஆளைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி வேறுபடுத்தலாம், ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் கோட்டின் தடிப்பு மாறிக் காட்டிக் கொடுக்கும். பெரியவரைச் சுருக்கினால் சிறுவன் வருவதில்லை, குள்ளமான பெரியவர்தான் வருகிறார். குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. அதனால்தான் பாவாடைச் சிறுமியைத் தனியாக வரைய வேண்டியிருந்தது.

இன்னொரு மலிவான வழி, ஆளைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்புவது. ஒரே சொடுக்கில் புது ஆள். நானும் பாதிப் பேரைத் திருப்பினேன். அம்மா இரண்டாம் முறை பார்த்தபோது இதைப் பிடித்தார்.

"ஏன்டா, இந்தப் பொம்பளைங்க முந்தானைய சோத்துக்கை பக்கம் போட்டிருக்காங்க? நம்ம ஆளுங்க இப்படியா கட்டுவாங்க?"

முந்தானை இடது தோளில் விழும். திருப்பினால் வலது தோளுக்குப் போய்விடும். நான் பத்து நாள் பார்த்தும் என் கண்ணில் படவில்லை, அம்மாவுக்கு அரை விநாடி போதும். சட்டைப் பையும் இடது பக்கம்தான். இதற்குப் பிறகு பெண்களைத் திருப்புவதில்லை என்று முடிவு செய்தேன். ஆண்களின் சட்டையில் பையே வரையவில்லை. ஒரு பெண்ணை மட்டும் திருப்பியே ஆக வேண்டியிருந்தது. அவளை முன்னால் நிற்கும் ஆளின் தோளுக்குப் பின்னால் நிறுத்தி மறைத்துவிட்டேன்.

பிள்ளையைத் தோளில் தூக்கிய அப்பாவை இரண்டு இடத்தில் வைத்திருந்தேன். ஒருவருக்கு நீலச் சட்டை, இன்னொருவருக்கு வெள்ளை. உயரமும் வேறு, நேரமும் வேறு. பார்த்தவர்கள் எல்லாரும் "அதே ஆள் அங்கேயும் இருக்கான்" என்றார்கள். கும்பிடும் பெண் ஐந்து முறை வந்ததை யாரும் கேட்கவில்லை. அவள் சாதாரணமாக இருக்கிறாள், கண் அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. கூட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். விசேஷமான ஆள் ஒரு காட்சிக்கு ஒருவர்தான். ஒரு அப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கை கட்டி நிற்பவரின் ஐந்தாவது நகலை நிறுத்தினேன். அவர் அவ்வளவு சாதாரணமானவர், பத்து முறை நிறுத்தலாம்.

மிச்சம் இருந்தது தேர் கடந்து போகும் கட்டம். இங்கே மட்டும் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும். இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் தலைகள் தேரோடு சேர்ந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய அலை இங்கே வேண்டும், ஏனென்றால் இங்கே அலைக்கு ஒரு காரணம் இருக்கிறது. தலைகளைத் தனி நெடுவரிசையில் வைத்தது இதற்குத்தான். திரையின் அகலம் 1920 புள்ளி. தேர் 24-ஆம் பிரேமில் இடது ஓரத்தில் நுழைந்து, திரையைக் கடக்க 144 பிரேம் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஆள் இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி தள்ளி நிற்கிறார் என்று தெரிந்தால், தேர் அவருக்கு நேர் எதிரே வரும் பிரேம் தெரிந்துவிடும்:

```
frame = 24 + (x / 1920) * 144
```

640-இல் நிற்பவருக்கு 72-ஆம் பிரேம். அந்தப் பிரேமில் அவருடைய மூன்றாவது தலை, அதாவது நேராகப் பார்க்கும் தலை, வர வேண்டும். இரண்டாவது தலை அதற்கு முன்னால், நான்காவது பின்னால். எவ்வளவு முன்னால் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேருக்குப் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும், தூரத்தில் நிற்பவர் மெதுவாகத் திரும்பினால் போதும். முன் வரிசைக்குத் தலைகளுக்கு இடையே 8 பிரேம், நடு வரிசைக்கு 14 வைத்தேன். இந்த ஒரு வித்தியாசத்தால் தட்டையாக இருந்த படத்துக்கு ஆழம் வந்தது.

கணக்கை அப்படியே வைத்தால் காற்றாடி வரிசை போலத் தெரிகிறது. அதனால் கணக்குப் போட்ட பிறகு மனிதர்களைச் சேர்த்தேன். சிறுமிகள் ஆறு பிரேம் முந்திப் பார்ப்பார்கள். கிழவிகள் பத்து பிரேம் பிந்துவார்கள். மற்றவர்களுக்கு இரண்டோ நான்கோ முன்னே பின்னே. எக்கிப் பார்க்கும் இளைஞனிடம் மட்டும் ஒரு தொல்லை. அவன் குதிகாலில் எழும்பும்போது உடம்பு உயர்ந்தது, தலை இருந்த இடத்திலேயே இருந்தது, கழுத்து தாடைக்குள் புகுந்துகொண்டது. தலை தனி, உடல் தனி என்று பிரித்தால் உடல் நகரும் ஒவ்வொரு படத்திலும் தலை எங்கே ஒட்ட வேண்டும் என்று கொக்கி போட்டுக் காட்ட வேண்டும். 14 படத்திலும் கழுத்தில் புள்ளி வைத்துச் சரிசெய்தேன். அசைவு பெரிதாக இருக்கும் ஆளுக்குத் தலையைப் பிரிப்பது லாபமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த தடவை அவனைத் தலையோடு சேர்த்தே வரைந்து, தேர் வரும்போது எக்காமல் பார்த்துக்கொள்வேன்.

வெளிச்சத்தை நகர்த்துவது ஒரு மாலை வேலை. ஓரம் மங்கலான மஞ்சள் வட்டம் ஒன்று, தேரின் அதே 144 பிரேமில் திரையைக் கடக்கிறது. உருவங்களில் நிழல் வரையாமல் விட்டது இங்கே உதவியது. நிழல் வரைந்திருந்தால் வெளிச்சம் வலது பக்கம் போன பிறகும் அது இடம் மாறாமல் நின்றிருக்கும்.

எல்லாம் முடிந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று முறை ஓடவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் முறை திரையின் வலது ஓரத்தில், தண்ணீர்ப் பந்தல் பக்கம் விரலை வைத்தார்.

"தேர் போயிருச்சு. இந்தக் கிழவி மட்டும் ஏன் இன்னும் இந்தப் பக்கமே பாக்குது?"

எக்ஸ்-ஷீட்டைத் திறந்து பார்த்தேன். கிழவியின் மூன்றாவது நகலுக்குத் தலை மாற்ற மறந்திருக்கிறேன். 192 பிரேமும் முதல் தலையே. திருத்தலாம் என்று சுட்டியைக் கொண்டுபோனேன்.

"இருக்கட்டும் விடு" என்றார் அம்மா. "கூட வந்த யாரையோ தேடுது போல."